பார்லரை இடம் மாற்றும்போது புக்கிங் கைவிட்டுப் போகாமல் இருக்க

நாற்காலி, கண்ணாடி, ஷாம்பூ பேசின் எல்லாம் ஒரே வண்டியில் போய்விடும். புக்கிங் டைரியில் இருக்கும் பெயர்களைப் புது இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. அதை எப்படிச் செய்வது என்று ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு பெண்கள் பார்லர், வெட்டூர்ணிமடத்தில் தரைத்தளக் கடை ஒன்றுக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தேதி

ஆடியில் முகூர்த்தம் இல்லை, அப்போது மாற்றலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பாதி சரி. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் பெண்கள் ஃபேஷியலுக்கும் ட்ரையல் மேக்கப்புக்கும் வருவது ஆடியில்தான். கிறிஸ்தவ வாடிக்கையாளர்கள் அதிகம் உள்ள பார்லருக்கு ஆடிக் கணக்கு பெரிதாகப் பொருந்தாது. அவர்களுக்குத் தவக்காலத்தில்தான் கல்யாணங்கள் குறையும், ஈஸ்டர் முடிந்ததும் கூட்டம் வரும். அதனால் காலண்டரைப் பார்க்கும் முன் போன வருட டைரியைப் புரட்டிப் பாருங்கள். உங்களுக்கு எந்த வாரம் காலியாக இருந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

ஆடியில் புது இடத்துக்குப் போகக்கூடாது என்று வீட்டிலோ கட்டட உரிமையாளரோ சொன்னால் ஒரு வழி இருக்கிறது. ஆனி முடிவதற்குள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமானை ஆடியில் நிதானமாக மாற்றலாம். பால் காய்ச்சும் நாளையே திறக்கும் நாளாக வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்குக் குழாயில் தண்ணீர்கூட வந்திருக்காது.

முடிந்தால் இரண்டு கடைக்கும் பதினைந்து நாள் சேர்த்து வாடகை கொடுங்கள். வீண் செலவு போலத் தெரியும். ஆனால் பிளம்பர் ஒரு நாள் வராமல் போனாலும் பழைய இடத்தில் வேலை ஓடும். புக்கிங்கை ரத்து செய்ய வேண்டியிருக்காது.

டைரியைப் பிரிப்பது

பார்லர் மூடியிருக்கப் போவது மூன்று நாள் என்றால், டைரியில் அந்த மூன்று நாளைச் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டுக்கு முன்னால் உள்ளவர்கள் பழைய இடத்துக்கு வருவார்கள். அவர்களிடம் நேரிலேயே சொல்லி, புது விலாச கார்டைக் கையில் கொடுத்துவிடலாம். கோட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போன் செய்து, மூடுவதற்கு முன்பே வரும்படி தேதியை மாற்றுங்கள். பின்னால் தள்ளினால் அவர்கள் வேறு பார்லர் பார்த்துக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். கோட்டுக்குப் பிறகு வருபவர்களைத்தான் இன்னொரு முறை வடிகட்ட வேண்டும்.

புது இடத்தில் முதல் இரண்டு மூன்று நாளுக்கு த்ரெட்டிங், ஹேர்கட் போன்ற வேலைகளை மட்டும் வையுங்கள். ஸ்மூத்தனிங், ஹேர் கலர் எல்லாம் அதற்கு அப்புறம். ஸ்மூத்தனிங்குக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் பாதித் தலையோடு ஒருவரை உட்கார வைக்க வேண்டிவரும். கீசர், ஏசி, இரண்டு ட்ரையர், ஸ்டீமர் எல்லாவற்றையும் ஒரு மாலை சேர்த்துப் போட்டுப் பாருங்கள். பிரேக்கர் விழுந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் பெரிய வேலை எதையும் எழுத வேண்டாம். தண்ணீரையும் பாருங்கள், முக்கியமாகக் கடலோரப் பக்கம் போகிறவர்கள். ஷாம்பூ நுரை வராமல் தலைமுடி பிசுபிசுவென்று நின்றால் அது உப்புத் தண்ணீர். தலை அலச வேறு தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கலர் வேலையை எடுக்கலாம்.

டைரியின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். சாமான் ஏற்றும் நாளில் டைரி உங்கள் கைப்பையில் இருக்கட்டும், அட்டைப்பெட்டியில் வேண்டாம்.

யாரிடம் எப்படிச் சொல்வது

அட்வான்ஸ் கொடுத்த மணப்பெண் வீட்டாருக்கு மெசேஜ் போதாது. பார்லர் மாறுகிறது என்று வேறு யாராவது சொல்லித் தெரிந்தால், ‘கடையை மூடிட்டாங்களாம்’ என்றுதான் அவர்கள் காதில் விழும். மற்றவர்களுக்குச் சொல்லும் முன்பே அவர்களைக் கூப்பிடுங்கள்: “அம்மா, உங்க மகளோட தேதி அப்படியே இருக்கு, அட்வான்ஸும் அப்படியே. மேக்கப்புக்கு நான்தான் வருவேன். ட்ரையலுக்கு மட்டும் புது இடத்துக்கு வரணும்.” தேதி, பணம், ஆள் இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் அதற்குமேல் கேட்பதில்லை. தூரம் ஒத்துவராது என்று யாராவது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மாறியது நாம்தான்.

மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான். அனுப்பி இரண்டு நாள் கழித்து, அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து Info பாருங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அதில் பெயர் வரும். அதில் இல்லாதவர்களுக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டும், அல்லது கூப்பிட வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே மெசேஜ் வேண்டாம். நம் ஊரில் கதவு எண்ணைப் பார்த்து யாரும் வருவதில்லை, பஸ் ஸ்டாப்பைத்தான் கேட்பார்கள். தக்கலை பக்கமிருந்து வருபவர்களுக்கு இந்த மாற்றம் லாபம்: “வடசேரி வரை வர வேண்டாம், வெட்டூர்ணிமடம் ஸ்டாப்பிலேயே இறங்கிக்கோங்க.” பூதப்பாண்டி பக்கமிருந்து வருபவர்களுக்கு அது கூடுதல் அலைச்சல்: “வடசேரியில் இறங்கி, தக்கலை ரோட்டில் போகிற பஸ் ஏறுங்க. இப்போ மாடி ஏற வேண்டாம், கடை கீழேயே இருக்கு.” அலைச்சலை மறைக்காமல் சொல்லிவிட்டு, அவர்களுக்குக் கிடைக்கும் வசதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெசேஜில் பழைய இடத்தின் கடைசி நாள், புது இடத்தின் முதல் நாள், லொகேஷன், போன் நம்பர் மாறவில்லை என்ற வரி, இவை இருந்தால் போதும். பூ, தீபம் எல்லாம் போட்ட போஸ்டரில் விலாசம் கண்ணில் படாது.

கூகுளும் பழைய ஷட்டரும்

கூகுள் மேப்பில் புதிதாக இன்னொரு கடையைச் சேர்க்காதீர்கள். பழையதை ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்றும் போட வேண்டாம். இருக்கிற ப்ரொஃபைலிலேயே Edit profile போய் விலாசத்தையும் மேப்பில் கடையைக் காட்டும் பின்னையும் மாற்றினால் பழைய ரிவ்யூக்களோடு அது தொடரும். கூகுள் மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம். சில சமயம் கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லும். அதனால் போர்டு மாட்டிய பிறகு, திறக்கும் நாளை ஒட்டி மாற்றுவது நல்லது. முன்கூட்டியே மாற்றினால் பூட்டிய கடைக்கு ஆள் வந்து நிற்கும்.

உள்ளாட்சி உரிமம் அந்தக் கட்டடத்துக்குத்தான், புது இடத்துக்குத் தனியாக வாங்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 15 நாளுக்குள் விலாச மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

பழைய கடையின் சாவியைக் கொடுக்கும்போது, ஷட்டரில் ஒரு மாதம் நோட்டீஸ் இருக்கட்டும் என்று உரிமையாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போன் நம்பர் ரோட்டிலிருந்தே தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். புதிதாக ஆள் குடிவந்தால் நோட்டீஸ் போய்விடும். அதனால் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர் அக்காவிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கொஞ்சம் கார்டு கொடுத்து வையுங்கள்.

திறந்த பிறகு

முதல் மாதம் முழுவதும், புக்கிங் இருக்கிற ஒவ்வொருவருக்கும் முந்தைய நாள் மாலை லொகேஷனை மறுபடி அனுப்புங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் தாண்டியும் ஆள் வரவில்லை என்றால் நீங்களே கூப்பிடுங்கள். பெரும்பாலும் பழைய மாடிப்படியில்தான் நின்றுகொண்டிருப்பார். அங்கிருந்து வர ஆகும் நேரத்தையும் சேர்த்து, அந்த மாதம் ஒவ்வொரு புக்கிங்குக்கும் நடுவில் அரை மணி நேரம் காலியாக விட்டு எழுதுங்கள்.