ஒரே பருப்பு, மூன்று பாக்கெட்: கிலோ விலையைச் சீட்டில் காட்டுவது எப்படி?

சிங்கப்பூர் தேக்காவில் மாமாவின் மளிகைக் கடைக்கு விலைச் சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை. அங்கே ஒரே துவரம் பருப்பு மூன்று அளவில் இருக்கிறது. அரை கிலோ 2 வெள்ளி 10 காசு, ஒரு கிலோ 3 வெள்ளி 90 காசு, இரண்டு கிலோ 7 வெள்ளி 85 காசு. பெரிய பாக்கெட்தான் மலிவு என்று நினைத்து இரண்டு கிலோவை எடுப்பவர்கள் நிறைய. ஆனால் ஒரு கிலோ பாக்கெட் இரண்டு எடுத்தால் 7 வெள்ளி 80 காசுதான். இதைச் சீட்டே சொல்லிவிட வேண்டும்.

முதலில், எந்த அளவுக்கு விலை என்று முடிவு செய்யுங்கள். நான் ஆரம்பத்தில் 100 கிராம் விலை போட்டேன். ஒரு கிலோ பாக்கெட்டுக்கும் இரண்டு கிலோ பாக்கெட்டுக்கும் 39 காசு என்றே வந்தது. முழுக் காசாக்கியதில் வித்தியாசம் காணாமல் போய்விட்டது. பருப்பு, அரிசிக்குக் கிலோ விலைதான் சரி. ஏலக்காய், கிராம்பு போலச் சிறு பொட்டலங்களில் விற்பவற்றுக்கு 100 கிராம் போதும். எதுவானாலும் ஒரு பொருளின் எல்லா அளவுக்கும் ஒரே அலகு இருக்கட்டும்.

அடுத்து, எக்செல் தாள். A-இல் பொருள், B-இல் விலை, C-இல் எடை. எடையை எப்போதும் கிராமில் எழுதுங்கள், பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நிகர எடையைப் பார்த்து. கடை ஜிஎஸ்டிக்குப் பதிவானது என்றால் B-இல் வரி சேர்ந்த விலை வர வேண்டும். D2-இல் இதைப் போடுங்கள்:

```
=ROUND(B2/C2*1000,2)
```

D-இல் இரண்டு தசம இலக்கம் தெரியும்படி வைத்து, அதைக் கீழே இழுத்தால் 4.20, 3.90, 3.93 என்று வரும். ஒரு கிலோ வரியில் B-யும் D-யும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 3900 என்று வந்தால், 1000 கிராமுக்குப் பதில் 1 என்று அடித்துவிட்டீர்கள்.

அப்புறம் சீட்டு. விற்பனை விலை பெரிதாக மேலே. அதன் கீழே `$3.93 / kg`, பாதி அளவு எழுத்திலாவது. மூன்று சீட்டிலும் அது ஒரே இடத்தில் இருந்தால்தான் கண் நேராக ஓடி ஒப்பிடும். ஒரு முறை எழுத்தைச் சிறிதாக்கிவிட்டேன். ஓர் அக்கா கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ன எண்?" என்று என்னிடமே கேட்டார். அன்றே எல்லாவற்றையும் மாற்றி அடித்தேன்.

சலுகை வரும்போது கவனம். அரை கிலோ இரண்டு எடுத்தால் 3 வெள்ளி 60 காசு என்று போட்டால், அதுவே கடையில் மலிவான பருப்பாகிவிடும். சலுகைச் சீட்டில் `$3.60 / kg` என்று தனியாகக் காட்டுங்கள். ஒன்று மட்டும் எடுப்பவருக்கு 4.20தான், அதனால் பழைய சீட்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். சலுகை முடிகிற அன்று இரவு, கடை சாத்தும் முன் சலுகைச் சீட்டை எடுத்துவிடுங்கள்.