ஆஸ்திரேலியாவில் படிக்கும் மாணவருக்கு ஒரு மாத பட்ஜெட் அட்டவணை

ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க வந்த புதிதில் எனக்குக் கணக்கு உதைத்தது ஒரே இடத்தில்தான். சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தது. வாடகை வாரக் கணக்கில் போனது. மின்சார பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது. ஊரில் கல்விக் கடனுக்கு வட்டி மட்டும் ஒழுங்காக மாதாமாதம். நான் வார வாடகையை நாலால் பெருக்கி, "இதுதான் மாத வாடகை" என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒரு வருடத்தில் 52 வாரம். பன்னிரண்டு மாதத்தை நாலால் பெருக்கினால் 48தான். மீதி நாலு வார வாடகை என் நோட்டில் எங்கேயுமே இல்லை.

ஆகவே இந்த அட்டவணையின் உயிர்நாடி ஒரே ஒரு பத்தி: ஒவ்வொரு வரவும் செலவும் வருடத்தில் எத்தனை முறை வருகிறது என்பது. மெல்போர்னில் முதுகலை படித்துக்கொண்டு, உணவகத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் ஒரு மாணவரை வைத்துப் போடுவோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 1: அட்டவணையைப் போடுங்கள்

கூகுள் ஷீட்ஸில் புதிய தாளைத் திறந்து, முதல் வரியில் தலைப்புகளை எழுதுங்கள். A பத்தியில் பெயர், B-இல் ஒரு தடவைக்கான தொகை, C-இல் வருடத்துக்கு எத்தனை முறை, D-இல் மாதத்துக்கு எவ்வளவு. D2-இல் இதைத் தட்டி, D8 வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=B2*C2/12
```

நிரப்பிய பிறகு இப்படி இருக்கும் (டாலரில், சில்லறையை முழுமையாக்கியிருக்கிறேன்):

| பெயர் | தொகை | வருடத்துக்கு | மாதத்துக்கு |
|---|---|---|---|
| சம்பளம் | 1,100 | 26 | 2,383 |
| வாடகை | 230 | 52 | 997 |
| சாப்பாடு | 80 | 52 | 347 |
| ரயில், பஸ் | 35 | 52 | 152 |
| போன் | 30 | 12 | 30 |
| மின்சாரம், இணையம் (என் பங்கு) | 180 | 4 | 60 |
| வருடச் செலவு | 1,200 | 1 | 100 |

ஒன்பதாவது வரியில் மிச்சம்:

```
=D2-SUM(D3:D8)
```

698 டாலர் வரும். அதை இப்போதைக்கு நம்பாதீர்கள்.

சம்பள வரியில் போட வேண்டியது வங்கிக்கு வந்து சேர்ந்த தொகை. மணிக்கு 30 டாலர் என்று 40 மணி நேரத்துக்கு 1,200 கணக்கு வந்தாலும், வரி பிடித்தது போக 1,100 வாக்கில்தான் கையில் கிடைக்கும். பேஸ்லிப்பில் சூப்பர் என்று ஒரு தொகை இருக்கும். அது ஓய்வூதிய நிதிக்குப் போவது, மாதச் செலவுக்கு ஆகாது, விட்டுவிடுங்கள். வருடச் செலவு என்பது கண்ணாடி, பல் வைத்தியம், ஊருக்கு டிக்கெட் மாதிரியானவை. கல்லூரிக் கட்டணம் கடனிலிருந்து நேராகப் போகிறதென்றால் அதை இதில் கலக்க வேண்டாம்.

படி 2: சம்பள வரியைத் திருத்துங்கள்

26 சம்பளமும் முழுதாக வரும் என்று போட்டோமே, அது நடக்காது. கேஷுவல் வேலையில் ஷிஃப்ட் இல்லையென்றால் காசு இல்லை, சம்பளத்தோடு லீவும் கிடையாது. ஜூனிலும் நவம்பரிலும் தேர்வு வரும்போது நாமே ஷிஃப்டைக் குறைப்போம். அந்த இரண்டு மாதத்திலும் பாதிதான் வேலை என்று வைத்தால், நாலு சம்பளம் 550 ஆகிறது. மற்ற 22 சம்பளம் 24,200, இந்த நாலும் சேர்த்து 2,200, ஆக வருடத்துக்கு 26,400.

B2-இல் 26400, C2-இல் 1 என்று மாற்றுங்கள். மாத வரவு 2,200 ஆகும், மிச்சம் 515-க்கு இறங்கும்.

விடுமுறையில் கூடுதலாக உழைத்து ஈடுகட்டலாமே என்று கேட்கலாம். வகுப்பு இல்லாத நாட்களில் மாணவர் விசாவில் நேர வரம்பு இல்லை, உண்மைதான். ஆனால் அந்த ஷிஃப்ட் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. கிடைத்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

படி 3: வேலை நேரத்துக்கு ஒரு தாள்

வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இதில் பலர் தடுக்கி விழுவது எங்கே என்றால், திங்களில் தொடங்கும் எந்த இரண்டு அடுத்தடுத்த வாரத்தைக் கூட்டினாலும் 48-ஐத் தாண்டக் கூடாது. முதல் வாரம் 20, இரண்டாம் வாரம் 28, மூன்றாம் வாரம் 28 என்றால், முதல் ஜோடி 48, சரி. அடுத்த ஜோடி 56, விசா நிபந்தனை மீறல். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்ட வேண்டும்.

இன்னொரு தாளில் A பத்தியில் திங்கள் தேதி, B-இல் அந்த வாரத்தின் மொத்த மணி நேரம் எழுதுங்கள். C3-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(B2+B3>48,"மீறல்","")
```

ஷிஃப்ட் பட்டியல் வந்தவுடனேயே, வேலைக்குப் போகும் முன்பே, அடுத்த வார நேரத்தை இதில் போட்டுப் பார்த்துவிடுங்கள். போய் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

படி 4: ஊருக்கு எவ்வளவு?

மிச்சம் 515 இருக்கிறதே, மாதம் 515 அனுப்பிவிடலாமா? கூடாது. அந்த 515 வருடச் சராசரி. ஒரு சாதாரண மாதத்தில் வருவது இரண்டு சம்பளம், 2,200. செலவு 1,685, ஊருக்கு 515, மிச்சம் பூஜ்யம். ஜூனில் 1,100 மட்டும் வரும்போது 1,100 டாலர் பள்ளம் விழும். வருடத்தில் இரண்டு மாதம் மூன்று சம்பளம் வரும், சரியாகச் சொன்னால் சராசரியைத் தூக்கி நிறுத்துவதே அந்த இரண்டும்தான். ஆனால் அவை ஜூனுக்கு முன்னால் வருமா என்பது உங்கள் சம்பளத் தேதியைப் பொறுத்தது. (மூன்றாவது சம்பளத்தை போனஸ் என்று நினைத்து ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கியவன் நான். ஜாக்கெட் இன்னும் இருக்கிறது.)

ஊரில் எவ்வளவு தேவை என்பதிலிருந்து தொடங்குங்கள். 16 லட்சம் கடனுக்கு 12 சதவீதம் என்றால் மாத வட்டி 16,000 ரூபாய். படிப்புக் காலத்தில் தவணை தொடங்காவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் அதை மட்டுமாவது கட்டுகிறோம். அந்த 16,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 292 டாலர் ஆகிறது (எப்படி என்பது அடுத்த படியில்). சாதாரண மாதத்தில் 2,200-இல் 1,685-உம் 292-உம் போக 223 தங்கும். பிப்ரவரி முதல் மே வரை நாலு மாதத்தில் 892 சேரும். ஜூனில் வட்டியையும் சேர்த்துப் பற்றாக்குறை 877. மயிரிழையில் தப்புகிறோம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மறுபடி அதே 892, நவம்பருக்கு.

அம்மாவுக்குத் தனியாக ஏதாவது அனுப்ப நினைத்தால், அது மூன்று சம்பளம் வரும் மாதத்தில்.

படி 5: உண்மையான மாற்று விகிதம்

பணம் அனுப்பும் செயலிகள் "கட்டணம் இல்லை" என்று போட்டுவிட்டு விகிதத்தில் கைவைக்கலாம். அதனால் திரையில் காட்டும் விகிதத்தை எழுதாதீர்கள். அனுப்பும் ஒவ்வொரு முறையும், தனியாக ஒரு தாளில், A பத்தியில் இங்கே கணக்கிலிருந்து போன மொத்த டாலர் (கட்டணம் உட்பட), B-இல் ஊரில் வந்து சேர்ந்த ரூபாய், C2-இல்:

```
=B2/A2
```

300 டாலர் போய் 16,440 ரூபாய் சேர்ந்தால் 54.8. இரண்டு செயலிகளை ஒப்பிட இந்த எண் ஒன்றே போதும். வட்டிக்கு வேண்டிய டாலர் 16,000-ஐ இதால் வகுத்தால் வரும், 292. விகிதம் 52-க்கு இறங்கினால் அதே வட்டிக்கு 308 ஆகும். அதனால் அட்டவணையில் 310 என்றே எழுதி வையுங்கள். அப்போது நாலு மாதச் சேமிப்பு 820-க்கு இறங்கும், ஜூன் பள்ளம் 895-க்கு ஏறும். அந்த 75 டாலரை வருடச் செலவு வரியில் ஒதுக்கிவரும் 100-இலிருந்து அந்த மாதம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வங்கி வட்டியை ஐந்தாம் தேதி எடுக்கும் என்றால், அதற்கு முந்தின சம்பளம் வந்த அன்றே அனுப்பிவிடுங்கள். நடுவில் சனி ஞாயிறோ, இரண்டு நாட்டில் ஏதோ ஒன்றின் வங்கி விடுமுறையோ வந்தால் பணம் வழியில் நிற்கும்.