了 போடுவதா, 过 போடுவதா: கோடிட்ட இடத்தைத் தமிழை வைத்து நிரப்புவது எப்படி

சீனப் பாடப் பயிற்சிகளில் ஒரே வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு அடைப்புக்குறி காலியாக இருக்கும். 了 (லெ) போடலாமா, 过 (குவோ) போடலாமா என்று கேட்பார்கள். நம்மில் பலர் உடனே வாக்கியத்தை மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்து, 'ஹேவ்' வருகிறதா என்று தேடுகிறோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்:

他去了北京。
他去过北京。

முதலாவது, அவன் பெய்ஜிங்குக்குப் போய்விட்டான். பெரும்பாலும் இப்போது இங்கே இல்லை. இரண்டாவது, அவன் எப்போதோ பெய்ஜிங் போனதுண்டு. இப்போது இங்கே நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹேஸ்' வந்துவிடுகிறது: 'ஹேஸ் கான்', 'ஹேஸ் பீன்'. 'போ' என்ற வினைக்காவது இப்படி இரண்டு வடிவம் இருக்கிறது. 'சாப்பிடு', 'பார்' போன்றவற்றுக்கு அதுவும் இல்லை. 'ஐ ஹேவ் ஈட்டன்' என்றால் இப்போதுதான் சாப்பிட்டு முடித்தேனா, அந்தப் பண்டத்தை வாழ்வில் சுவைத்திருக்கிறேனா என்பது சூழலைப் பொறுத்தது.

தமிழிலும் 'போயிருக்கிறான்' இதே மாதிரி இரண்டு பக்கமும் சாயும். ஆனால் நம்மிடம் 'போய்விட்டான்', 'போனதுண்டு' என்று பிரித்துச் சொல்லும் வடிவங்களும் இருக்கின்றன. அவற்றை வைத்தே நிரப்பலாம்.

படி 1: முதலில் 没 இருக்கிறதா என்று பாருங்கள்

எதிர்மறை வாக்கியம்தான் மிகச் சுலபம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுங்கள். வினைக்கு முன்னால் 没 (மெய்) இருந்தால், வினைக்குப் பின் வரும் 了 போய்விடும். 过 மட்டும் அப்படியே நிற்கும்.

我没去。 நான் போகவில்லை.
我没去过。 நான் போனதில்லை.

'போகவில்லை', 'போனதில்லை' இரண்டையும் எந்தத் தமிழரும் குழப்பிக்கொள்ள மாட்டார். முதலாவது குறிப்பிட்ட ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றியது. இரண்டாவது இதுவரையிலான அனுபவத்தைப் பற்றியது. 'இல்லை' 'போனது'வோடு ஒட்டினால் 过. 'போக'வோடு ஒட்டினால் அடைப்புக்குறியைக் காலியாக விடுங்கள். 'மூன்று நாளாக வரவில்லை' என்று கால அளவு முன்னால் வரும்போது மட்டும் 三天没来了 என்று கடைசியில் ஒரு 了 வரும். அது வாக்கியத்தின் இறுதியில் வரும் 了, வினையோடு சேர்ந்ததல்ல.

படி 2: 'உண்டு' பொருந்துகிறதா?

எதிர்மறை இல்லையென்றால், வினையோடு 'அதுண்டு' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'பார்த்ததுண்டா?', 'சாப்பிட்டதுண்டா?' என்று இயல்பாக வந்தால் 过. 'விட்டான்', 'விட்டேன்' என்று முடித்தால்தான் பொருந்துகிறது என்றால் 了. இந்தச் சோதனையிலேயே பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

படி 3: விளைவு இன்னும் இருக்கிறதா?

உண்டு, விட்டான் இரண்டுமே பொருந்துவதுபோல் இருந்தால், அடுத்த வாக்கியத்தைப் படியுங்கள். பயிற்சி எழுதுகிறவர்கள் துப்பை அங்கேதான் வைப்பார்கள். இலக்கணப் பாடங்களில் அடிக்கடி வரும் கால் முறிவு உதாரணம் இதைத் தெளிவாகக் காட்டும்:

他摔断( )腿，现在还在医院。
他摔断( )腿，现在走路没问题。

இரண்டிலும் அவன் விழுந்து காலை முறித்துக்கொண்டான். முதல் வாக்கியத்தில் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறான், கால் கூடவில்லை, எனவே 了. இரண்டாவதில் இப்போது நடக்கச் சிரமமில்லை, முறிவு பழைய கதை, எனவே 过. நடந்து, முடிந்து, அதன் விளைவும் கலைந்துபோன நிகழ்ச்சி என்பதுதான் 过 சொல்வது. 'செத்துப்போவது' போல் மீள முடியாத வினையோடு சாதாரணப் பேச்சில் 过 வராததற்கும் இதுவே காரணம்.

'நேற்று', 'போன வருடம்' வந்தால்?

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கேதான் அதிகம் வழுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் 'லாஸ்ட் இயர்' வந்தால் 'ஹேவ் பீன்' கூடாது, 'வென்ட்' என்றுதான் எழுத வேண்டும். அந்த விதியை எடுத்துக்கொண்டு 去年 என்ற சொல்லைக் கண்டதும் 过-ஐ அடித்துவிடுகிறார்கள். சீனத்தில் அப்படி ஒரு தடை இல்லை. 我去年去过北京 முற்றிலும் சரியான வாக்கியம். 'போன வருஷம் போயிருக்கேன்' என்று நாம் தாராளமாகச் சொல்வதில்லையா, அதுபோலத்தான். இந்த இடத்தில் மட்டும் 'போனதுண்டு' கொஞ்சம் இடறும். 'போயிருக்கேன்' வைத்துப் பாருங்கள்.

ஒரு பயிற்சியை முழுதாகச் செய்வோம்

A: 你去(1)北京吗？
B: 去(2)。我去年去(3)两次。
A: 小李呢？
B: 他没去(4)。
A: 他今天怎么没来(5)？
B: 他去(6)上海，下个星期才回来。

(1) 'பெய்ஜிங் போனதுண்டா?' என்பது கேள்வி, எனவே 过. (2) அதற்கான பதில், அதே 过. (3) 'போன வருடம் இரண்டு தடவை' என்கிறார். அனுபவப் பேச்சு தொடர்கிறது என்பதால் 过 பொருந்தும். போன வருடம் நடந்ததை எண்ணிச் சொல்வதாக எடுத்துக்கொண்டால் 去了两次 என்பதும் பிழையில்லை. விடைத்தாளில் ஒன்றுதான் இருக்கும், அதற்காக மற்றதைத் தவறு என்று நினைக்க வேண்டாம். (4) 'ஷியாவ் லீ போனதில்லை', 过. (5) 'இன்று ஏன் வரவில்லை?' இங்கே எதுவும் வராது. காலியிடம் என்றாலே ஏதாவது போட வேண்டும் என்ற பழக்கத்தில் 了 எழுதுபவர்கள் நிறைய. (6) ஷாங்காய் போய்விட்டான், அடுத்த வாரம்தான் வருவான். விளைவு நீடிக்கிறது, எனவே 了.

கடைசியில் வரும் இன்னொரு 了

'ஹேவ்' உண்மையிலேயே உதவும் ஓரிடமும் இருக்கிறது:

我在北京住了五年。
我在北京住了五年了。

முதலாவது, பெய்ஜிங்கில் ஐந்து வருடம் இருந்தேன். இப்போது எங்கே இருக்கிறேன் என்று அது சொல்வதில்லை, பெரும்பாலும் வேறு ஊருக்கு வந்தவர் சொல்வது. இரண்டாவது, ஐந்து வருடமாக இருக்கிறேன், இன்னும் அங்கேதான். ஆங்கிலத்தில் 'லிவ்ட்', 'ஹேவ் லிவ்ட்' என்ற வேறுபாடு இது. ஆனால் அதைக் காட்டுவது வினைக்குப் பின் உள்ள 了 அல்ல, வாக்கியம் முடியும் இடத்தில் வரும் இரண்டாவது 了. தமிழில் 'வருடம்', 'வருடமாக' என்ற ஒட்டிலேயே இது பிடிபட்டுவிடும்.

'உண்டு' சோதனை தோற்கும் இடம்

你吃过饭了吗？ என்பதை 'நீ சோறு சாப்பிட்டதுண்டா?' என்று புரிந்துகொண்டால் கேட்டவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் கேட்பது 'சாப்பிட்டாச்சா?' தினமும் வேளைக்கு நடக்கிற காரியம் முடிந்ததா என்று விசாரிக்கும்போது 过 இப்படி வரும், பெரும்பாலும் கூடவே ஒரு 了 ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு 吃过了 என்றால் 'ஆச்சு'. 还没吃 என்றால் 'இன்னும் இல்லை'. இந்த இரண்டாவது பதிலில் 过 இல்லாததைக் கவனியுங்கள். 'இன்னும் சாப்பிடவில்லை' என்பதுதான் பொருள், 'சாப்பிட்டதில்லை' அல்ல.