குழாயின் வெளிப்பரப்பில் U கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் பால் நிலையங்களிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் வெப்பப் பரிமாற்றி வேலைக்குப் பயிற்சிக்காக வரும் பிள்ளைகளின் கணக்குத் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் காலத்துத் தவறுகளே கை மாறிக் கை மாறி வருவது தெரிகிறது. விட்டத்துக்குப் பதில் ஆரையைப் போடுவது, மில்லிமீற்றரை மீற்றராக மாற்ற மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை விடையே காட்டிக்கொடுத்துவிடும். நான் சொல்ல வருவது, விடை நம்பும்படியாக இருக்கும்போதே உள்ளே ஒளிந்திருக்கும் தவறுகளை.

உட்படிவுத் தடையை அப்படியே கூட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். குழாயின் வெளிப்பரப்பை அடிப்படையாகக் கொண்ட மொத்த வெப்ப இடமாற்றக் குணகத்துக்கான சமன்பாடு இது:

```
1/Uo = 1/ho + Rfo + (Do/2k)·ln(Do/Di) + Rfi·(Do/Di) + (1/hi)·(Do/Di)
```

`ho`, `hi` என்பவை வெளிப்புற, உட்புற வெப்ப இடமாற்றக் குணகங்கள். `Rfo`, `Rfi` என்பவை அந்தந்தப் பக்கத்துப் படிவுத் தடைகள். `Do`, `Di` குழாயின் வெளிவிட்டமும் உள்விட்டமும். `k` குழாய் உலோகத்தின் வெப்பக் கடத்துதிறன். கடைசி உறுப்பை `Do/Di` ஆல் பெருக்க யாரும் மறப்பதில்லை. விரிவுரையில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். அதற்கு முந்திய உறுப்பில்தான் கை நழுவுகிறது. "சேர், `Rfi` ஏற்கெனவே தடைதானே? தடையைத் தடையோடு கூட்டுவதற்கு எதற்காகப் பெருக்க வேண்டும்?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. பெரும்பாலானோர் கேட்காமலேயே கூட்டிவிடுகிறார்கள்.

அட்டவணையில் `Rf` இன் அலகைப் பாருங்கள்: m²·K/W. அது ஒரு சதுர மீற்றர் பரப்புக்கான தடை. உண்மையான தடை K/W அலகில் இருக்கும்; அதைப் பெற `Rf` ஐ, படிவு ஒட்டியிருக்கும் பரப்பால் வகுக்க வேண்டும். உட்புறச் சேறு உட்பரப்பில் ஒட்டியிருக்கிறது. ஆகவே அதன் தடை `Rfi/Ai`. மொத்தத் தடையையும் வெளிப்பரப்புக்கு மாற்ற `Ao` ஆல் பெருக்கும்போது `Rfi·Ao/Ai` வருகிறது. நேரான குழாயில் நீளம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அது `Rfi·Do/Di` ஆகிறது. வெளிப்படிவு ஏற்கெனவே வெளிப்பரப்பில் இருப்பதால் `Rfo` பெருக்கப்படாமல் நிற்கிறது. உட்படிவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

எண்களில்

உயரமான மலைப்பகுதியில் ஒரு பால் பதப்படுத்தும் நிலையம். பாத்திரங்களும் குழாய்களும் கழுவச் சுடுநீர் தேவை. ஓடையிலிருந்து எடுக்கும் 18 பாகை நீரை, செக்கனுக்கு 1 கிலோகிராம் வீதம், 60 பாகைக்குச் சூடாக்க வேண்டும். குழாய்களின் வெளியே 120 பாகையில் நீராவி ஒடுங்குகிறது. உள்ளே நீர் ஓடுகிறது. உருக்குக் குழாய், வெளிவிட்டம் 25 மி.மீ., உள்விட்டம் 19 மி.மீ., `k` 50. ஒரு சுற்றுக்கு 6 குழாய்கள் வீதம் இரண்டு சுற்று, ஆக 12 குழாய்கள். நீரின் வேகம் செக்கனுக்கு 0.59 மீற்றர் வருகிறது. அந்த வேகத்தில் `hi` ஏறக்குறைய 3000. ஒடுங்கும் நீராவிக்கு `ho` 8000. எண்ணெய் கலவாத நீராவிக்குப் பாடப்புத்தக அட்டவணை தரும் படிவுத் தடை 0.0001. ஆற்றுநீருக்கு 0.0002 முதல் 0.001 வரை தருகிறது, 0.0004 எடுத்துக்கொள்வோம்.

`Do/Di` 1.316. எல்லா உறுப்புகளையும் மில்லியனால் பெருக்கி எழுதினால் படிக்க எளிது:

```
1/ho              125
Rfo               100
சுவர்              69
Rfi·(Do/Di)       526
(1/hi)·(Do/Di)    439
-----------------------
மொத்தம்          1259    →  Uo = 794 W/m²K
```

உட்படிவைப் பெருக்காமல் விட்டவர் 526க்குப் பதில் 400 எழுதுவார். மொத்தம் 1133, `Uo` 883. அதாவது 11 சதவீதம் அதிகம். இரண்டுமே நம்பக்கூடிய எண்கள் என்பதால், திருத்துபவரின் கண்ணும் தாண்டிப் போய்விடும்.

தேவையான வெப்பம் 176 கிலோவாற்று, மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாடு 79 பாகை. சரியான `Uo` கேட்கும் வெளிப்பரப்பு 2.79 சதுர மீற்றர். 12 குழாய்களில் ஒவ்வொன்றும் 2.96 மீற்றர் நீளம். தவறான `Uo` கேட்பது 2.51 சதுர மீற்றர். ஒவ்வொரு குழாயும் 2.67 மீற்றர். ஒரு குழாய்க்கு 30 சென்ரிமீற்றர் குறைந்துபோனது. பட்டறையில் வெட்டி, தகட்டில் பொருத்தி, ஓட்டுக்குள் செருகி மூடிய பிறகு அந்த 30 சென்ரிமீற்றரை ஒட்டவைக்க வழியே இல்லை.

தொடக்க நாளில் ஏன் தெரியாது

புதுக் குழாயில் படிவே இல்லை. இரண்டு படிவு உறுப்புகளையும் நீக்கினால் மொத்தம் 633, `Uo` 1580. குறைந்த நீளமுள்ள அந்தப் பரிமாற்றியே, நீராவி வால்வை முழுதாகத் திறந்தால், 60க்குப் பதில் 80 பாகை நீரைக் கொடுக்கும். கட்டுப்பாட்டு வால்வு தன்னை ஒடுக்கிக்கொண்டு 60இல் நிறுத்தும். எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவார்கள்.

மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஓடை செம்மண் நிறமாகிறது. படிவு ஏற ஏற, வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போகும். நீரின் வெப்பநிலை 60லேயே நிற்கும். ஆகவே வெப்பமானியை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பார்க்க வேண்டியது வால்வின் திறப்பு. அது முழுதாகத் திறந்த பிறகுதான் நீர் குளிரத் தொடங்கும். படிவு நாம் எடுத்துக்கொண்ட அளவை எட்டும்போது, சரியான நீளமுள்ள பரிமாற்றி இன்னும் 60 கொடுக்கும். குறைந்த நீளமுள்ளது 57க்கு வந்துவிடும்.

அளந்த பிறகும் அதே தவறு

நான் பார்த்த ஒரு நிலையத்தில் கதை இத்தோடு நிற்கவில்லை. 57 பாகை வந்ததும் பொறுப்பாக அளந்தார்கள். நீரோட்டம், இரு முனை வெப்பநிலைகள், நீராவி வெப்பநிலை எல்லாம் சரியாகவே எடுத்திருந்தார்கள். அந்த அளவுகளிலிருந்து `Uo` 801 வந்தது, `1/Uo` 1248. சுத்தமான குழாயின் 633ஐக் கழித்தால் 615. வெளிப்படிவின் 100ஐயும் கழித்தால் 515. "உட்படிவு 0.000515. அட்டவணையில் எடுத்தது 0.0004. நம்முடைய ஓடைத் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட மோசம்" என்று முடிவு கட்டினார்கள்.

அந்த 515 வெளிப்பரப்புக்கு மாற்றப்பட்ட எண். உட்பரப்பில் உண்மையில் இருந்த படிவைப் பெற அதை 1.316 ஆல் வகுக்க வேண்டும்: 0.00039. ஓடை, வடிவமைப்பாளர் எழுதியிருந்த அளவுக்குத்தான் படிவு தந்திருந்தது, எள்ளளவும் கூடவில்லை. குழாய்தான் குட்டை. ஆனால் ஓடையின் மேல் பழியைப் போட்டு மணல் வடிகட்டி ஒன்று வாங்கினார்கள். வடிகட்டி சேற்றைத் தாமதப்படுத்தியது, அவ்வளவே. தூரிகை விட்டுக் குழாயைச் சுத்தம் செய்யும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டுதான் அந்தப் பரிமாற்றியை ஓட்ட முடிந்தது. வடிவமைப்பில் பெருக்க மறந்தவர்களே அளவீட்டில் வகுக்கவும் மறந்தார்கள். அதனால் இரண்டாவது கணக்கு முதல் கணக்கைக் காட்டிக்கொடுக்கவில்லை, காப்பாற்றியது. என்னை இன்னும் உறுத்துவது இதுதான்.

சுவர்த் தடைக்குத் தடிப்பை `k` ஆல் வகுப்பது

உருக்கில் 69க்குப் பதில் 60 வரும், பொறுக்கலாம். `k` 16 உள்ள துருப்பிடிக்கா உருக்கில் 214க்குப் பதில் 188 வரும், பொறுக்க முடியாது.

`Uo` ஐ `Ai` ஆல் பெருக்குவது

செய்யாதீர்கள். பரப்பின் பெயரை `U` வோடு சேர்த்தே எழுதுங்கள்.

தகடு பொருத்திய குழாய்க்கும் `Do/Di` போடுவது

தேயிலை வாட்டும் காற்றைச் சூடாக்கும் குழாய்களில் வெளிப்பரப்பு உட்பரப்பைப் போல் பல மடங்கு. அங்கே விட்ட விகிதம் செல்லாது. `Ao/Ai` ஐயே போட வேண்டும், தகட்டின் வினைத்திறனையும் சேர்க்க வேண்டும். உட்படிவும் அத்தனை மடங்காகும்.

படிவுத் தடையும் போட்டு, "பாதுகாப்புக்கு" மேலும் குழாய்கள் சேர்ப்பது

மேலே சொன்ன 12 குழாய்களை அதே இரண்டு சுற்றில் 16 ஆக்கினால் நீரின் வேகம் 0.59இலிருந்து 0.44க்கு இறங்கும். `hi` ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். மெதுவாக ஓடும் சேற்று நீர் இன்னும் அதிகமாகப் படியும். பரப்பைக் கூட்டியே ஆகவேண்டுமென்றால் குழாயின் நீளத்தைக் கூட்டுங்கள்; எண்ணிக்கையைக் கூட்டினால் சுற்றுகளையும் கூட்டி வேகத்தைக் காப்பாற்றுங்கள்.

அழுத்தமானியைக் கொழும்பில் இருப்பதுபோல் வாசிப்பது

இது எங்கள் மலைக்கே உரிய தவறு. 120 பாகை நீராவிக்கு ஏறக்குறைய 1.98 பார் தனி அழுத்தம் வேண்டும். கடல் மட்டத்தில் அழுத்தமானி 0.97 பார் காட்டினால் போதும். வளிமண்டலம் மீதி 1.01ஐச் சேர்க்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே வளிமண்டலம் சேர்ப்பது ஏறக்குறைய 0.81 பார்தான். ஆகவே அங்கே மானி அதே 0.97 காட்டும்போது தனி அழுத்தம் 1.78 பார், நீராவி 117 பாகைக்குச் சற்றுக் கீழே. 120 என்று நம்பி அளவீட்டிலிருந்து `Uo` கணக்கிட்டால் அது உண்மையைவிடக் குறைவாக வரும். இல்லாத படிவு கணக்கில் முளைக்கும். குழாயைத் திறந்து தூரிகை விடுவதற்கு முன், நீராவி நுழையும் இடத்தில் ஒரு வெப்பமானியை வைத்து 120 உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பாகை குறைந்திருந்தால் மானியில் 1.17 பார் காட்டும்வரை அழுத்தத்தை ஏற்றி, மீண்டும் அளந்துவிட்டுப் பிறகு படிவைப் பற்றிப் பேசலாம்.