மொடல் பேப்பர் பிழைச்ச பிறகு நோட்ஸ எப்பிடித் திருப்பி எழுதிறது? (ஏ/எல் கெமிஸ்ட்ரி, கரைதிறன் பெருக்கம்)

இண்டைக்கு ரியூசன்ல கெமிஸ்ட்ரி மொடல் பேப்பர் திருத்தித் தந்தவை, பெயில். விசுவமடுவுக்கு பஸ்ஸில வரேக்க முழு நோட்ஸையும் கிழிச்செறிஞ்சிட்டு முதல்ல இருந்து எழுதுவம் எண்டுதான் யோசிச்சன், ஆனா வீட்ட வந்து பேப்பரையும் கொப்பியையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா அது தேவையே இல்லை. உயர்தரம் இப்பதான் துவங்கின தம்பி தங்கச்சியவைக்கும் உதவும் எண்டபடியா இண்டைய டயரிய செய்முறையாவே எழுதிறன்.

முதல் வேலை: பிழைகளப் பிரிக்கிறது

நோட்ஸில கை வைக்க முதல், மார்க்ஸ் போன ஒவ்வொரு இடத்திலயும் பென்சிலால ஒரு எழுத்துப் போடுங்கோ. அந்த விசயமே தெரியாது எண்டா "தெ". படிச்சது, ஆனா ஞாபகம் வரேல்ல எண்டா "ம". தெரியும், ஆனா அந்தக் கேள்விக்கு அதத்தான் பாவிக்கோணும் எண்டு பிடிபடேல்ல எண்டா "பி".

"தெ" எண்டா தேசிய கல்வி நிறுவகத்தின்ர வள நூல எடுத்து அந்தப் பகுதிய வாசிக்கோணும். "ம" எண்டா கொப்பிய மூடிவைச்சு எழுதிப் பழகோணும், புது நோட்ஸ் தேவையில்லை. திருப்பி எழுத வேண்டியது "பி" விழுந்த பக்கங்கள் மட்டும்தான். என்ர பேப்பரில கரைதிறன் பெருக்கம் முழுக்க "பி".

அந்தப் பக்கத்தில என்ன குறை?

வரைவிலக்கணம் இருக்கு, சமன்பாடு இருக்கு, சேர் போர்டில செய்து காட்டின கணக்கும் வடிவா இருக்கு. எப்ப எதப் பாவிக்கிறது எண்டதுதான் ஒரு இடத்திலயும் இல்லை. கேள்வி இதுதான்: 25 °C இல AgCl இன்ர கரைதிறன் பெருக்கம் Ksp 1.8 × 10⁻¹⁰ mol² dm⁻⁶, 0.10 mol dm⁻³ NaCl கரைசலில அதின்ர கரைதிறன் என்ன? கொப்பியில இருந்தது தனித் தண்ணிக்கான கணக்கு, அதில கரைதிறன s எண்டு எடுத்தா s² = Ksp, விடை 1.3 × 10⁻⁵ mol dm⁻³. அத அப்பிடியே இங்க போட்டா பிழை, ஏனெண்டா Cl⁻ ஏற்கெனவே கரைசலில கிடக்கு.

புதுப் பக்கம்

தாளில இடப்பக்கம் மூண்டில ஒரு பங்க கோடு போட்டுப் பிரியுங்கோ. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. "Ksp எண்டா என்ன?" எண்டு எழுதினா பிரயோசனமில்லை, அது மனப்பாடத்தைத்தான் கேக்குது. நீங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டி வாற மாதிரிக் கேள்வி வேணும். நான் எழுதினது:

"உப்புக் கரைய முதலே அதின்ர அயன் ஒண்டு கரைசலில இருக்கா? இருந்தா s எங்க வரும்?"

வலப்பக்கம்:

```
[Ag⁺] = s
[Cl⁻] = 0.10 + s ≈ 0.10
s × 0.10 = 1.8 × 10⁻¹⁰
s = 1.8 × 10⁻⁹ mol dm⁻³
```

அதுக்குக் கீழ சரிபாக்கிற வழியையும் கட்டாயம் எழுதுங்கோ. வந்த s, 0.10 ஓட பாக்கேக்க மிகச் சின்னன், அதால s ஐ விட்டது சரி. பொது அயன் இருக்கேக்க கரைதிறன் குறையோணும், 10⁻⁵ இல இருந்து 10⁻⁹ க்கு வந்திருக்கு, அதுவும் சரி. ஒரு எல்லையும் இருக்கு: Cl⁻ செறிவு மிக அதிகமானா AgCl₂⁻ சிக்கல் அயன் உருவாகி உப்புத் திருப்பிக் கரையத் துவங்கும், அங்க இந்தக் கணக்குப் பொருந்தாது.

விளங்கிச்சுதா எண்டு எப்பிடிப் பாக்கிறது?

அதே கணக்கத் திருப்பிச் செய்தா ஞாபகத்தில வந்திடும், அத நம்பேலாது. உப்ப மாத்துங்கோ. PbI₂ ஐ 0.10 mol dm⁻³ KI இல போட்டா:

```
Ksp = s × (0.10)²
```

கனபேர் 0.10 ஐயும் 2 ஆல பெருக்குவினம். அது பிழை, அந்த I⁻ வந்தது KI இல இருந்து, PbI₂ இல இருந்தில்லை. அதே PbI₂ ஐ 0.10 mol dm⁻³ Pb(NO₃)₂ இல போட்டா:

```
Ksp = 0.10 × (2s)²
```

இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதி, 2 ஏன் ஒண்டில மட்டும் வருது எண்டு வாய்விட்டுச் சொல்லேலுமெண்டா அந்தப் பக்கம் சரி. சொல்லேலாட்டி இடப்பக்கக் கேள்விய மாத்தோணும், கலர் பேனையால அடிக்கோடு போட்டு ஒண்டும் நடக்காது.

இடப்பக்கம் கேள்வியாவே இருக்கிறதால கெமிஸ்ட்ரி தெரியாத ஆளும் எங்களக் கேக்கலாம். பின்னேரம் அம்மா கச்சான் உடைச்சுக்கொண்டு கொப்பியப் பாத்துக் கேட்டா, நான் சொல்லச் சொல்ல வலப்பக்கத்தோட ஒப்பிட்டுப் பாத்திட்டு "அந்த ரெண்டாவது வரி விட்டிட்டாய் பிள்ளை" எண்டா. 0.10 + s ஐ 0.10 எண்டு எடுக்கிறதுக்கான காரணத்தச் சொல்லாம விட்டிருக்கிறன். கட்டமைப்புக் கேள்வியில அந்தக் காரணத்தையே தனியாக் கேட்டாலும் கேப்பினம், அதால அதையும் இடப்பக்கத்தில தனிக் கேள்வியா எழுதிட்டன்.

நாளைக்கு வீழ்படிவு வருமா வராதா எண்ட பகுதி. அதில ரெண்டு கரைசலக் கலக்கேக்க கனவளவு கூடும், அதால ஒவ்வொரு செறிவும் குறையும், அதுக்குப் பிறகுதான் அயன் பெருக்கத்த Ksp ஓட ஒப்பிடோணும். இடப்பக்கத்தில முதல் கேள்வி "கலந்த பிறகு செறிவு எவ்வளவு?" எண்டுதான் வரும்.