படகு விளக்கில் கருகிய ரெசிஸ்டர்

கடலூர் முதுநகரில் சித்தப்பாவின் படகுக்கு ஒரு விளக்கு செய்து கொடுத்தேன். 3 எல்இடிகள் தொடராக, ஒவ்வொன்றும் 3 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியில் மீதி 3 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் ஏற்க வேண்டும். 0.2 ஆம்பியர் போதும் என்று 15 ஓம் போட்டேன். சக்தி 3 × 0.2 = 0.6 வாட். 1 வாட் ரெசிஸ்டர் தாங்கும் என்று நம்பினேன். வீட்டில் நன்றாகவே எரிந்தது.

கடலுக்குப் போய் வந்தபோது ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகள் பழுப்பாகி, அடியில் போர்டும் கருத்திருந்தது. "இன்ஜின் போட்டதும் வெளிச்சம் ரொம்ப அதிகமாகுதுடா" என்றார் சித்தப்பா. சரி, இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன்: 14.4 வோல்ட். ஆல்டர்னேட்டர் பேட்டரியை சார்ஜ் செய்துகொண்டிருந்தது.

எல்இடியின் வோல்ட் பெரிதாக ஏறாது. கூடிய 2.4 வோல்ட்டில் பெரும்பகுதி ரெசிஸ்டர் தலையில்தான் விழும். முழுவதையும் அதற்கே கணக்கிட்டால் 5.4 வோல்ட்.

```
I = V/R = 5.4/15 = 0.36 A
P = V²/R = 5.4²/15 = 1.94 W
```

வோல்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சூடு மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது; அந்த வர்க்கம் செய்யும் வேலை இது.

22 ஓமுக்கு மாற்றினேன். இப்போது அதிகபட்சம் 0.25 ஆம்பியர், 1.3 வாட். காற்றோட்டமில்லாத மூடிய டப்பா என்பதால் இரு மடங்கு இடம்விட்டு, 3 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டரை போர்டில் ஒட்டாமல் சற்றுத் தூக்கி வைத்துப் பற்றவைத்தேன். இன்ஜின் நின்றிருக்கும்போது வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனால் வலை பிரிக்க அது போதும் என்கிறார்.