கூட்டுத் தொடர்வரிசை: கூடுதல் கேட்கும் கணக்கில் n-ஆவது உறுப்பை எழுதிவிடாமல் இருக்க

பத்தாம் வகுப்புக் கூட்டுத் தொடர்வரிசைக் கணக்குகளில், சூத்திரம் இரண்டும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். கூடுதல் கேட்டிருப்பார்கள், விடைத்தாளில் கடைசி உறுப்பு இருக்கும். ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அது எங்கே நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்க்கலாம். a என்பது முதல் உறுப்பு, d என்பது பொது வித்தியாசம் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

கணக்கு: செல்வி முதல் மாதம் 500 ரூபாய் சேமிக்கிறாள். அடுத்தடுத்த மாதங்களில் முந்தைய மாதத்தைவிட 50 ரூபாய் கூடுதலாகப் போடுகிறாள். 24 மாதங்கள் முடியும்போது அவளிடம் எவ்வளவு இருக்கும்?

அடிக்கடி வரும் தவறான விடை இது:

```
t_24 = 500 + (24 - 1) × 50 = 1650
```

கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் 1650 என்பது 24-ஆவது மாதம் மட்டும் அவள் போட்ட பணம்.

படி 1: மூன்று வரி அட்டவணை போடுங்கள்

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பென்சிலால் ஓரத்தில் எழுதினால் போதும்.

```
மாதம்    அந்த மாதம் போட்டது    இதுவரை சேர்ந்தது
1         500                    500
2         550                    1050
3         600                    1650
```

நடுவில் இருப்பது t_n, வலப்பக்கம் இருப்பது S_n. கேள்வி எந்தப் பத்தியைக் கேட்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். மூன்றாம் மாதமே 1650 சேர்ந்துவிட்டது. இரண்டு வருடம் போட்ட பிறகும் அதே 1650 என்று எழுதினால் நடுவில் 21 மாதப் பணம் எங்கே போயிற்று?

படி 2: கடைசி உறுப்பை l என்று எழுதி, அதிலிருந்து கூடுதலுக்குப் போங்கள்

கூடுதலுக்குப் புத்தகத்தில் இரண்டு வடிவங்கள் உண்டு:

```
S_n = n/2 [2a + (n - 1)d]
S_n = n/2 (a + l)
```

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் வடிவத்துக்குள்ளும் (n - 1)d இருக்கிறது, t_n-க்குள்ளும் அதுவே இருக்கிறது. அவசரத்தில் இரண்டும் கலந்துவிடும். இரண்டாவது வடிவத்தில் t_n கண்டுபிடிப்பது வழியில் வரும் ஒரு படி. அதை l என்று எழுதிவிட்டால் விடை என்று நினைத்து அங்கேயே நிற்க மாட்டீர்கள்.

```
l = 500 + 23 × 50 = 1650
S_24 = 24/2 × (500 + 1650) = 12 × 2150 = 25800
```

படி 3: n = 2 போட்டுச் சோதியுங்கள்

இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1650-ஐவிட ஆபத்தானது பாதி கலந்த விடை:

```
24/2 × [500 + 23 × 50] = 12 × 1650 = 19800
```

2a எழுத வேண்டிய இடத்தில் a வந்துவிட்டது. குறைந்தது 24 × 500 = 12000, அதிகபட்சம் 24 × 1650 = 39600 என்று உத்தேச எல்லை வைத்துப் பார்த்தால் வெறும் 1650 உடனே மாட்டிக்கொள்ளும். 19800 மாட்டாது, அது எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

n = 1 போட்டுப் பார்த்தாலும் முழுப் பயன் இல்லை. முதல் உறுப்பும் முதல் ஓர் உறுப்பின் கூடுதலும் ஒன்றுதான். அதனால் t_n சூத்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலும் 500 என்று சரியாகவே வரும். n = 2 போடுங்கள். அட்டவணைப்படி 1050 வர வேண்டும்.

```
t_n சூத்திரம்:    500 + 50 = 550             தவறு
பாதி கலந்தது:    2/2 × [500 + 50] = 550     தவறு
சரியானது:        2/2 × [1000 + 50] = 1050
```

இரண்டு பிழைகளும் ஒரே வரியில் பிடிபடுகின்றன. வீட்டில் கணினி இருந்தால் கால்குலேட்டரைவிட விரிதாள் நல்லது. கால்குலேட்டர் நீங்கள் போட்ட தவறான சூத்திரத்தையே சரியாகக் கணக்கிட்டுக் கொடுக்கும். விரிதாளில் ஒவ்வொரு மாதமும் கண்ணுக்குத் தெரியும். `A1`-இல் 500, `B1`-இல் `=A1`, பிறகு:

```
A2:  =A1+50
B2:  =B1+A2
```

இரண்டையும் 24-ஆவது வரிசை வரை இழுத்தால் `A24`-இல் 1650, `B24`-இல் 25800.

"மொத்தம்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்

"மொத்தம்னு இருந்தா S_n" என்று ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். இது இரண்டு பக்கமும் கவிழ்க்கும்.

குழாயிலிருந்து முதல் செடி 4 மீட்டர், அதன்பின் ஒரே வரிசையில் 3 மீட்டருக்கு ஒரு செடி, ஆக 10 செடிகள். ஒரு செடிக்கு ஒரு குடம். ஒவ்வொரு முறையும் குழாயில் பிடித்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? இங்கே "மொத்தம்" இல்லை. போகவர 8, 14, 20 என்று போகும். t_10 = 62 மீட்டர் கடைசிச் செடிக்கான நடை மட்டுமே. விடை S_10 = 10/2 × (8 + 62) = 350 மீட்டர்.

மறுபக்கம் பாருங்கள். ஆட்டோவில் முதல் கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 15 ரூபாய். 10 கிலோமீட்டருக்கு மொத்தக் கட்டணம் என்ன? 1, 2, 3 கிலோமீட்டர் முடிவில் மீட்டர் 30, 45, 60 காட்டும். 45-க்குள் அந்த 30 ஏற்கெனவே இருக்கிறது. எனவே விடை t_10 = 30 + 9 × 15 = 165. இங்கே S_10 போட்டால் 975 ரூபாய் வரும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இது: இரண்டாவது உறுப்புக்குள் முதல் உறுப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கிறதா? ஆட்டோ மீட்டரில் அடங்கியிருக்கிறது, அதனால் t_n போதும். செல்வியின் 550-க்குள் 500 இல்லை, அதனால் கூட்டியாக வேண்டும்.

பிற்சேர்க்கை: n கேட்டால்?

"எத்தனை மாதத்தில் 25800 சேரும்?" என்று திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. குழப்பம் அதேதான், ஆனால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். t_n-இல் போட்டால்:

```
500 + (n - 1) × 50 = 25800
n - 1 = 506,  n = 507
```

பின்னம் வராமல் முழு எண் வருவதால் சரியென்றே தோன்றும். 507 மாதம் என்றால் 42 வருடத்துக்கும் மேல். உண்மையில் அது, ஒரே மாதத்தில் 25800 ரூபாய் போடும் நிலை எப்போது வரும் என்பதற்கான விடை. கூடுதலில் போட்டால் இருபடிச் சமன்பாடு வரும்:

```
n/2 [1000 + (n - 1) × 50] = 25800
n² + 19n - 1032 = 0
(n - 24)(n + 43) = 0
```

மாதம் எதிர்ம எண்ணாக இருக்காது, எனவே n = 24. a, d, கூடுதல் மூன்றையும் கொடுத்து n கேட்கும்போது, d பூச்சியமாக இல்லாதவரை n² வந்தே தீரும். அப்படிப்பட்ட கணக்கில் உங்கள் சமன்பாட்டில் n² இல்லாமல் ஒரே வரியில் n கிடைத்துவிட்டால், நீங்கள் t_n-இல் போட்டிருக்கிறீர்கள்.